நாலு பக்கத்துக்குள் எப்படி அடக்குவது?

வாசகி கேள்வி

எங்கள் அரசுப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை செய்தி மடல் போடுகிறோம். ஏ4 அளவு, நாலு பக்கம், 300 பிரதி. இந்த முறை பொறுப்பு என் தலையில். ஒன்பது மேட்டர் வந்திருக்கிறது: கூடல் விழா அறிக்கை, எங்கள் பழைய தலைமையாசிரியரின் நினைவுக் கட்டுரை, உதவித்தொகைச் செய்தி, கபடி வெற்றி, செயலாளர் கடிதம், ஒரு கவிதை, ஓர் அஞ்சலி, வரவு செலவு, வரப்போகும் நிகழ்ச்சிகள். எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தவை. லிப்ரே ஆபீஸில் பத்திரிகை மாதிரி மூன்று பத்தியாக, இரண்டு ஓரமும் சமமாக வைத்தேன். சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. நாலு இடத்தில் பெரிய எழுத்தில் மேற்கோள் போட்டேன். மேட்டர் ஐந்தாம் பக்கத்துக்கு வழிகிறது. எழுத்தை 9 பாயிண்ட் ஆக்கினால் அடங்கிவிடுமா, அல்லது ஐந்தாவது பக்கம் சேர்க்கலாமா? தலைமையாசிரியர் சாருடைய கட்டுரையில் கை வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. மேட்டரையும் என் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பக்க வடிவமைப்பாளர் பதில்

முதலில் ஐந்தாவது பக்கத்தை மறந்துவிடுங்கள். ஓர் ஏ3 தாளை நடுவில் மடித்தால் நாலு ஏ4 பக்கம். அச்சகம் அப்படித்தான் அடிக்கும். ஐந்தாவது பக்கம் வேண்டுமென்றால் உள்ளே தனியாக ஒரு தாள் செருக வேண்டும், அதற்கு இரண்டு முகம் உண்டு. உங்களிடம் மிஞ்சுவது ஒரு பக்கம் கூட இல்லை. ஆகவே பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும் ஒரு தாளுக்கு 300 பிரதிக்கும் காசு கொடுப்பீர்கள், அதுவும் முதல் நாளிலேயே உதிர்ந்து விழும்.

9 பாயிண்ட் யோசனையும் உதவாது. ஏன் என்று கணக்கோடு கீழே சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஓட்டைகளைச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் பத்தியின் அகலம் மாறினால் எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

மூன்று பத்தி ஏன் ஒத்துவரவில்லை

ஏ4 தாளில் இரு பக்கமும் 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் 180 மில்லிமீட்டர் மிச்சம். அதை மூன்றாகப் பிரித்தால், நடு இடைவெளி போக ஒரு பத்திக்குச் சுமார் 57 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். 10.5 பாயிண்டில் அதில் ஏறக்குறைய 18 எழுத்து பிடிக்கும். உங்கள் விழா அறிக்கையின் இரண்டாவது பாராவில் ‘கலந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரு சொல் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள், 16 எழுத்து. கிட்டத்தட்ட ஒரு முழு வரி. அது முந்தைய வரியில் இடமில்லாமல் கீழே இறங்கியதும், மேலே தனியாக நின்ற ‘விழாவில்’, ‘முதல்’ என்ற இரண்டு சொற்களையும் கணினி இரண்டு ஓரத்துக்கும் இழுத்து நிறுத்திவிட்டது. நீங்கள் பார்த்த ஓட்டை அதுதான்.

நாளிதழ்களில் இதைவிடக் குறுகிய பத்தி உண்டே என்பீர்கள். அவர்கள் சொல்லை நடுவில் ஒடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகிறார்கள். நம் கண்ணுக்கு அது பழகியும்விட்டது. உங்கள் மென்பொருள் தமிழ்ச் சொல்லைத் தானாக ஒடிக்கவில்லை. நீங்களே ஒடிப்பதென்றால் சாதாரண இணைகோட்டை அடிக்காதீர்கள். நாளை ஒரு வரி கூடிக் குறைந்தால் அந்தக் கோடு வரியின் நடுவில் வந்து நிற்கும். ஒடிக்க வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து `Ctrl` + `-` அழுத்தினால், வரிக் கடைசியில் மட்டும் தெரியும் கோடு விழும். ஆனால் மடல் முழுக்க இப்படி உட்கார்ந்து செய்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இரண்டு பத்திக்கு வந்துவிடுங்கள். நடுவில் 6 மில்லிமீட்டர் விட்டால் ஒவ்வொன்றும் 87 மில்லிமீட்டர். வரிக்கு 28 எழுத்து போல, நாலைந்து சொல். கூடவே, வலது ஓரத்தைச் சமப்படுத்துவதை விட்டு இடப்பக்கம் மட்டும் சேர்த்து அடுக்குங்கள். வலது ஓரம் சற்று ஏறி இறங்கும், ஆனால் சொற்களின் இடைவெளி எல்லா வரியிலும் ஒன்றாக இருக்கும். உங்கள் வாசகர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் கண் வரியை விட்டுத் தவறாமல் போக அதுதான் முக்கியம். மூன்று பத்தி வேண்டுமென்று ஆசையாக இருந்தால் நன்கொடையாளர் பட்டியல் போன்ற பெயர் வரிசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது பொருந்தும்.

எழுத்து 10.5 பாயிண்ட், வரி உயரம் 15 பாயிண்ட் என்று பூட்டிவிடுங்கள். `Line Spacing` என்ற இடத்தில் `Fixed` தேர்ந்தெடுத்து `15 pt` என்று அலகோடு கொடுங்கள். தமிழில் மேலே ‘கி’, ‘கீ’ வளைவும் கீழே ‘கு’, ‘கூ’ வாலும் இருப்பதால் இதற்குக் கீழே இறக்கினால் வரிகள் உரச ஆரம்பிக்கும்.

முதலில் எண்ணுங்கள், பிறகு அடுக்குங்கள்

நீங்கள் செய்த வரிசைதான் தப்பு: முதல் பக்கத்தில் தொடங்கி அழகாக அடுக்கிக்கொண்டே வந்தீர்கள், மிஞ்சியது ஐந்தாம் பக்கத்தில் வந்து நின்றது. அச்சகத்தில் இதைத் தலைகீழாகச் செய்வோம். நான் உங்கள் மேட்டர் முழுவதையும் 87 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே நீளப் பத்தியாக ஊற்றி, ஒவ்வொன்றும் எத்தனை வரி வருகிறது என்று எண்ணினேன். மொத்தம் 316 வரி. அதில் நினைவுக் கட்டுரை மட்டும் 96, விழா அறிக்கை 72.

இடம் எவ்வளவு? மேல் கீழ் ஓரம் போக பக்கத்தின் உயரம் சுமார் 260 மில்லிமீட்டர். 15 பாயிண்ட் கணக்கில் பத்திக்கு 49 வரி, பக்கத்துக்கு 98, நாலு பக்கத்துக்கு 392. பார்த்தவுடன் தாராளமாகத் தெரியும். ஆனால் மடலின் பெயர்ப்பட்டை, தலைப்புகள், நாலு படம், ஒரு மேற்கோள், கடைசிப் பக்கத்தில் முகவரிப் பெட்டி எல்லாமே வரியைத்தான் தின்னும். ஒரு பத்தி அகலப் படம் அதன் குறிப்போடு சேர்த்து 13 வரி. பெயர்ப்பட்டை இரண்டு பத்தியிலும் சேர்த்து 26. இப்படிக் கழித்தால் 159 போகிறது, எழுத்துக்கு மிஞ்சுவது 233. ஆக 83 வரி அதிகம்.

இப்போது 9 பாயிண்டுக்கு வருவோம். வரி உயரத்தை 13 ஆக்கினால் அதே இடத்தில் கூடுதல் வரி பிடிக்கும், ஒவ்வொரு வரியிலும் கூடுதல் எழுத்து பிடிக்கும். இரண்டையும் பெருக்கினால் அந்த 233 வரி இடத்தில் இன்றைய கணக்குப்படி 313, 314 வரி மேட்டர் போகும். உங்களிடம் இருப்பது 316. கவிதையின் வரிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுருங்காது என்பதால் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். அதாவது எல்லாரையும் மூக்குக்கண்ணாடி தேட வைத்த பிறகும் மடல் வழிந்துகொண்டுதான் இருக்கும்.

வெட்டத்தான் வேண்டும். எங்கே வெட்டுவது என்பதைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். ஒரு வெள்ளைத்தாளை மடித்து டம்மி செய்து, பென்சிலால் இந்த எண்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

முதல் பக்கத்தில் பெயர்ப்பட்டை, குழுப் படம், விழா அறிக்கை. குழுப் படத்தை ஒரு பத்திக்குச் சுருக்கச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். அதில் அறுபது பேர், வரிசைக்குப் பதினைந்து பேராக நிற்கிறார்கள். ஒரு பத்தி அகலத்தில் ஆளுக்கு ஆறு மில்லிமீட்டர்கூட வராது. மடல் கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தேடப்போவது தன் முகத்தை. அது முழு அகலத்திலேயே இருக்கட்டும். மேலே இருக்கும் பந்தல் துணியையும் கீழே இருக்கும் வெறும் தரையையும் வெட்டினால் பத்து வரி மிச்சம். பதிலுக்கு அறிக்கையை 72 வரியிலிருந்து 30 ஆக்குங்கள். கொடூரமாகத் தோன்றும். ஆனால் அந்த 72 வரியில் யார் வரவேற்றார், யார் முன்னிலை வகித்தார், யார் நன்றி நவின்றார் என்பதே பாதிக்கு மேல். யார் வந்தார்கள் என்பதைப் படமே காட்டுகிறது. எடுத்த முடிவுகளும் திரட்டிய நிதியும் மட்டும் அறிக்கையில் நின்றால் போதும். ‘தொடர்ச்சி 2ஆம் பக்கம்’ என்று போடும் தேவையும் இல்லாமல் பக்கம் சரியாக 98 வரியில் முடியும்.

இரண்டாம் பக்கம் முழுவதும் தலைமையாசிரியருக்கு. தலைப்பு, அவருடைய பழைய படம், ஒரு மேற்கோள் போக 74 வரி கிடைக்கும். அவர் எழுதியது 96.

மூன்றாம் பக்கத்தில் உதவித்தொகை, அதற்கு ஒரு படம், கபடி, செயலாளர் கடிதம், வரப்போகும் நிகழ்ச்சிகள். செயலாளர் கடிதம் 30 வரியிலிருந்து 17க்கு இறங்கினால் எல்லாம் அடங்கும். இதை நீங்கள் வெட்டாதீர்கள். “உங்களுக்கு 17 வரி, சுமார் 70 சொல்” என்று சொல்லி அவரிடமே திருப்பி அனுப்புங்கள். பொறுப்பில் இருப்பவர்களின் கடிதத்தை நாம் சுருக்கினால் எந்த வாக்கியம் போனாலும் அதுதான் அவருக்கு உயிர் வாக்கியமாக இருக்கும்.

நாலாம் பக்கத்தில் அஞ்சலி, கவிதை, வரவு செலவு, முகவரிப் பெட்டி. இங்கே நாலு வரி மிஞ்சும். அதை நிரப்பத் துணுக்கு தேடாதீர்கள், அஞ்சலிக்கும் கவிதைக்கும் இடையே விட்டுவிடுங்கள். அவை இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் கவிதை இறந்தவரைப் பற்றியது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

சாருடைய கட்டுரை

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வகுப்பில் நம் விடைத்தாளைத் திருத்தியவருடைய எழுத்தை நாம் திருத்துவதா என்ற கூச்சம் அது. ஆனால் கேட்காமல் வெட்டுவதும், கேட்கப் பயந்து எழுத்தைப் பொடியாக்குவதும் இரண்டுமே அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அவர் எழுத்து அவருக்குச் சொந்தம். குறைக்க அவர் சம்மதம் வேண்டும்.

போனில் “சார், கொஞ்சம் குறைக்கட்டுமா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வெட்டிய பிரதியை அச்சு எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். என் கணக்கில் மூன்று இடம் இருக்கிறது. தொடக்கத்தில் பள்ளியின் வரலாற்றைச் சொல்லும் பாரா போன இதழிலேயே வந்துவிட்டது என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள், அது 11 வரி. உடன் பணியாற்றிய ஆசிரியர்களின் பெயர் வரிசை 6 வரி, அதைப் படத்தின் கீழே குறிப்பாக இரண்டு வரியில் போட்டுவிடலாம். முடிவில் வாழ்த்துரை போல வரும் 5 வரி. மொத்தம் 22. அவர் நினைவுகள் ஒன்றும் போகவில்லை. அவர் வேறு இடத்தில் வெட்டச் சொன்னால் அப்படியே செய்யுங்கள், வரி எண்ணிக்கை மட்டும்தான் நமக்கு வேண்டும். இரண்டு துண்டை ஒட்டும்போது இணைப்புக்காக நீங்களாக ஒரு வாக்கியம் எழுதிச் சேர்த்துவிடாதீர்கள்.

பெரிய எழுத்து மேற்கோள்

நாலு போட்டிருக்கிறீர்கள், ஒன்று போதும். முப்பது வரிச் செய்திக்கு மேற்கோள் தேவையில்லை, படிக்கும் நேரத்தில் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும். சிறப்பு விருந்தினர் சொன்ன ‘கல்வி அழியாச் செல்வம்’ எந்த ஊர் மடலிலும் பொருந்தும், யாரையும் நிறுத்தாது. அஞ்சலியில் மேற்கோள் வேண்டவே வேண்டாம். நீண்ட கட்டுரை ஒரு பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாகத் தெரியும்போது கண் இளைப்பாறவும், புரட்டிக்கொண்டு போகிறவரை இழுத்து நிறுத்தவும்தான் அது. உங்கள் மடலில் அப்படிப்பட்டது இரண்டாம் பக்கம் ஒன்றே.

அங்கே நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் அருமையானது. ஆனால் அதைக் குறைத்த விதம் ஆபத்து. சார் எழுதியது இது: “நான் கணக்கு எடுத்த முதல் வருடம் ஐந்து பேர் தோற்றார்கள், அந்த ஐந்து பேருக்கும் சரியாகச் சொல்லித்தரவில்லையோ என்று எனக்கு இன்றும் தோன்றும்.” நீங்கள் பெரிய எழுத்தில் போட்டது: “அந்த ஐந்து பேருக்கும் நான் சரியாகச் சொல்லித்தரவில்லை.” ஒரு மனிதர் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வியை ஒப்புதல் வாக்குமூலமாக்கிவிட்டீர்கள். தமிழில் வாக்கியத்தின் வால்தான் பொருளை முடிவு செய்கிறது. ‘என்று தோன்றும்’, ‘என்பார்கள்’, ‘இல்லாமலில்லை’ எல்லாம் கடைசியில்தான் வரும். அதனால் மேற்கோளுக்கு வாக்கியத்தின் முன்பக்கத்தைக் குறைக்கலாம், பின்பக்கத்தைத் தொடக்கூடாது. ‘அந்த ஐந்து பேருக்கும்’ என்று தொடங்கி ‘தோன்றும்’ வரை அப்படியே எடுங்கள். ஒன்பது சொல்தான்.

எழுத்து 16 பாயிண்ட், மேலும் கீழும் மெல்லிய கோடு, மொத்தம் சரியாக ஏழு வரி உயரம், அதாவது 105 பாயிண்ட். ஏழரை வரியாக விட்டால் அதற்குக் கீழே உள்ள வரிகளும் பக்கத்துப் பத்தி வரிகளும் நேர்கோட்டில் நிற்காது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். படம் இடப்பத்தியில் கீழே இருக்கட்டும், மேற்கோள் வலப்பத்தியில் மேலே மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில், இரண்டு பாராக்களுக்கு நடுவே வரட்டும். கட்டுரையில் அந்த வாக்கியம் வரும் இடத்துக்கு நேர் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரே வரியை அடுத்தடுத்து இரண்டு முறை படித்தால் அச்சுப் பிழை போலத் தோன்றும்.

தலைப்புகள்

ஒன்பது தலைப்பும் ஒன்பது பேர் எழுதியவை, அப்படியே தெரிகிறது. ‘கோலாகலமாக நடந்தேறிய முன்னாள் மாணவர் சங்கமம்!!!’ ஒன்று, ‘நமது பள்ளி மாணவிகள் சாதனை படைத்தனர்.’ இன்னொன்று, வெறும் ‘உதவித்தொகை’ மூன்றாவது. ஒன்று ஆர்ப்பரிக்கிறது, ஒன்று முற்றுப்புள்ளி வைத்த வாக்கியம், ஒன்று கோப்பு உறையின் மேல் எழுதியது மாதிரி இருக்கிறது.

இரண்டு வகையாகப் பிரியுங்கள். செய்தித் தலைப்பில் செய்தி இருக்க வேண்டும், வினைமுற்று வேண்டாம், முற்றுப்புள்ளியும் ஆச்சரியக்குறியும் வேண்டாம். அப்படிப் பார்த்தால் ‘கூடல் விழாவில் 62 முன்னாள் மாணவர்கள்’, ‘மாவட்டக் கபடியில் நம் மாணவிகள் முதலிடம்’, ‘12 பேருக்கு உதவித்தொகை’. நிரந்தரப் பகுதிகளான அஞ்சலி, கவிதை, வரவு செலவு, நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கு ஒற்றைச் சொல் பட்டையே போதும், ஒவ்வோர் இதழிலும் அது மாறக்கூடாது. எழுத்து ஒரே ஃபான்டில், மூன்றே அளவில்: முதல் பக்கத் தலைப்புக்கு 24, கட்டுரைக்கும் உதவித்தொகைக்கும் செயலாளர் கடிதத்துக்கும் 18, மற்றதற்கு 14. இரண்டு வரித் தலைப்பில் ‘முன்னாள்’ மேலேயும் ‘மாணவர்கள்’ கீழேயும் பிரிந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில தலைப்புகளில் அளவை மாற்றினாலும் தமிழ் எழுத்து மாறவில்லை என்று உங்கள் பக்கத்தின் ஓரத்தில் கையால் எழுதியிருக்கிறீர்கள். லிப்ரே ஆபீஸில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் எழுத்து அமைப்பு இரண்டு இருக்கிறது. `Western` என்பது ஆங்கிலத்துக்கு. தமிழுக்கு `CTL` அல்லது `Complex` என்ற பகுதி. நீங்கள் முதலாவதை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். `Heading 1`, `Heading 2`, `Heading 3` ஒவ்வொன்றிலும் அதற்குரிய அளவை இரண்டு பகுதியிலும் கொடுத்து, தலைப்புகளுக்கு அந்த ஸ்டைலை மட்டும் போடுங்கள். தலைப்பைத் தேய்த்துத் தனித்தனியாக அளவு மாற்றும் பழக்கத்தை விட்டுவிட்டால் ஒன்பதும் ஒன்றாக நிற்கும்.

அச்சகத்துக்குப் போகுமுன்

கவிதை பாமினி எழுத்துருவில் வந்திருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளையும் ‘ஸ்ரீ’யையும் எண்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள், அங்கேதான் பிசகும். குழுப் படத்தை எடுத்தவரிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் `Document` ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், முழு அகலத்துக்குச் சுமார் 2,100 பிக்சலாவது வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் கையெழுத்திட்ட தாளோடு ஒப்பிட்டுக் கூட்டிப் பாருங்கள்.

அச்சகத்துக்கு லிப்ரே ஆபீஸ் கோப்பைக் கொடுக்காதீர்கள், PDF மட்டும் கொடுங்கள். அவர்கள் கணினியில் உங்கள் ஃபான்ட் இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், 98 வரி 103 ஆகும், செயலாளர் கடிதத்தின் கடைசி வரி காணாமல் போகும். பிளேட் போடுவதற்கு முன் ஒரு தாளில் பிரூஃப் எடுத்து மடித்துத் தரச் சொல்லுங்கள். 4ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும் ஒரு புறம், 2ம் 3ம் மறுபுறம் வர வேண்டும். சார் கட்டுரையைத் திறந்தால் உதவித்தொகைச் செய்தி வலப்பக்கம் நிற்க வேண்டும், தலைகீழாக அல்ல.